முடிவே எடுக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ்

சண்டை நடந்த கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது சுலபம். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை பேர் எதிர்த்தார்கள், கடைசியில் என்ன தீர்மானம் என்று எழுதிக்கொண்டே போனால் பக்கம் தானாக நிரம்பிவிடும். எல்லாரும் சமர்த்தாக உட்கார்ந்து கேட்டு, காபி குடித்துவிட்டுக் கலைந்த கூட்டம்தான் செயலாளரைப் படுத்தும். பொருளாளர் கணக்குச் சொன்னார், செயலாளர் நடந்ததைச் சொன்னார், தலைவர் நன்றி சொன்னார். எதையும் யாரும் முடிவு செய்யவில்லை. மறுநாள் மினிட் புக்கைத் திறந்தால் "தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதக்கூட விஷயம் இருக்காது.

அப்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். "பல்வேறு விஷயங்கள் விவாதிக்கப்பட்டன, நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்று மூன்று வரியில் கடையைக் கட்டிவிடுவார்கள். அல்லது, வெறுமையாகத் தெரியுமே என்ற கூச்சத்தில் "விரிவாகவும் ஆழமாகவும் ஆலோசிக்கப்பட்டது", "ஒருமனதாகப் பாராட்டப்பட்டது" என்று ஜரிகை வைத்து இரண்டு பக்கம் நீட்டுவார்கள். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு இரண்டாலும் பயன் இல்லை. ஆனால் இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. நடக்காத ஆலோசனையை நடந்ததாகச் சொல்கிறது அது.

மினிட்ஸ் பற்றி உலகம் முழுக்கப் பரவிய ஒரு விதி உண்டு: கூட்டத்தில் என்ன செய்யப்பட்டது என்பதை எழுது, என்ன பேசப்பட்டது என்பதை எழுதாதே. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட விதிக் கையேடு வழியாகச் சங்கங்கள், கிளப்புகள் என்று எங்கும் பரவிய கருத்து இது. நல்ல விதிதான். தகவல் மட்டுமே பேசிய கூட்டத்துக்கு இதை அப்படியே பொருத்தினால், "பொருளாளர் அறிக்கை அளித்தார்" என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். சின்ன சங்கத்துக்கு அது போதும் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிப்பட்ட கூட்டத்திலும் ஒரு காரியம் நடக்கிறது: அதுவரை ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் தெரிந்திருந்த ஒன்று அன்றிலிருந்து குழுவுக்கே தெரியும். எந்தத் தேதியில், யார் மூலம், எந்தக் காகிதத்தின் அடிப்படையில் தெரிந்தது என்பதுதான் அந்தக் கூட்டத்தின் விளைவு. மினிட்ஸில் ஏறவேண்டியது அது.

கம்பெனி உலகத்தில் இதற்குச் சட்ட எடை உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி இயக்குநர் குழு ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூடவேண்டும், இரண்டு கூட்டத்துக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. முடிவு செய்ய ஒன்றும் இல்லாவிட்டாலும் கூடியே ஆகவேண்டிய காலாண்டுகள் இதனாலேயே வரும். அந்தக் கூட்டத்துக்கும் 30 நாளுக்குள் மினிட்ஸ் எழுதிப் புத்தகத்தில் ஏற்றவேண்டும். அதே சட்டத்தின் 149-ஆம் பிரிவு, ஒரு தனி இயக்குநர் எப்போது பொறுப்பாவார் என்று சொல்லும் இடத்தில், குழுவின் நடைமுறைகள் வழியாக அவருக்குத் தெரியவந்த விஷயங்களையும் கணக்கில் எடுக்கிறது. அவருக்குத் தெரிந்ததா என்பதற்கு முதலில் புரட்டப்படுவது மினிட்ஸ்தான். குடியிருப்புச் சங்கத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் எனக்கு எப்போது சொன்னீர்கள் என்ற கேள்வி எந்தச் சங்கத்திலும் எழும்.

ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் 72 வீடுகள், இரண்டு லிப்ட், ஒரு சம்ப், மொட்டைமாடித் தொட்டிகள் உள்ள குடியிருப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு அக்டோபர் 5, ஞாயிறு காலை பத்தரை மணிக்குக் கூடுகிறது. அஜெண்டாவில் நான்கு பொருள்கள், நான்கும் "தகவலுக்காக". பொருளாளரின் காலாண்டுக் கணக்கு, லிப்ட் சர்வீஸ் அறிக்கை, செக்யூரிட்டி ஒப்பந்தம் புதுப்பிப்பு, தண்ணீர்த் தொட்டி சுத்தம்.

கடைசியில் இருப்பதை முதலில் முடித்துவிடலாம். தொட்டி சுத்தம் செய்த விஷயத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். "செப்டம்பர் 20 அன்று சம்ப்பும் மொட்டைமாடித் தொட்டிகள் நான்கும் சுத்தம் செய்யப்பட்டதாகச் செயலாளர் தெரிவித்தார். அடுத்த சுத்தம் மார்ச் மாதம்." அவ்வளவுதான். எல்லாப் பொருளுக்கும் ஒரே நீளத்தில் எழுதவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தொட்டிக்கு ஒரு பத்தி, லிப்டுக்கும் ஒரு பத்தி என்று அளந்து எழுதினால் படிப்பவர் இரண்டையும் ஒரே எடையில் வாசிப்பார். எது கனமான தகவல் என்று காட்டுவதே மினிட்ஸ் எழுதுபவரின் வேலையில் பாதி.

கணக்குக்கு வருவோம். "பொருளாளர் காலாண்டுக் கணக்கைச் சமர்ப்பித்தார். திருப்திகரமாக இருப்பதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்பது நம் ஊரில் பழகிப்போன வாசகம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கணக்கை ஏற்றுக்கொண்டோம் என்று குழு எழுதினால், அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் குழு உடன்பட்டதாக ஆகிவிடும். தணிக்கை ஆகாத காலாண்டுக் கணக்குக்கு அப்படி யாரும் உடன்படவில்லை, காட்டினார்கள், பார்த்தோம். அதற்குரிய வாசகம் "குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டது, குழு குறித்துக்கொண்டது". நகராட்சி மன்றக் கூட்டப் பொருள்களில் "மன்றத்தின் பார்வைக்கு" என்று வரும் வாசகமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. ராபர்ட்டின் கையேடும் அறிக்கையைப் பெற்றுக்கொள்வதையும் அதை ஏற்பதையும் வேறு வேறாகவே நடத்துகிறது.

அடுத்தது எண்கள். பொருளாளர் கூட்டத்தில் இருபது எண் சொல்லியிருப்பார். அத்தனையும் மினிட்ஸில் ஏறவேண்டியதில்லை, அறிக்கையை இணைப்பாக வைத்துவிட்டால் அதிலேயே இருக்கும். மினிட்ஸுக்கு இரண்டு மூன்று எண் போதும், ஆனால் அவற்றோடு தேதி கட்டாயம் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். நிலுவை ₹1,62,000 என்று மட்டும் எழுதினால் பத்து நாளில் அது பொய்யாகிவிடும். நடுவில் யாராவது கட்டியிருப்பார். ஆகவே இப்படி:

"செப்டம்பர் 30 நிலவரப்படியான காலாண்டுக் கணக்கைப் பொருளாளர் குழுவின் பார்வைக்கு வைத்தார் (இணைப்பு 1). கணக்கு தணிக்கை செய்யப்படாதது. அந்தத் தேதியில் 9 வீடுகளின் பராமரிப்புக் கட்டணம், மொத்தம் ₹1,62,000, நிலுவையில் உள்ளது. ஜூன் 30 அன்று இது 6 வீடுகள், ₹94,500 ஆக இருந்தது. நிலுவை கூடியது ஏன் என்ற உறுப்பினரின் கேள்விக்கு, மூன்று வீடுகள் காலியாக இருப்பதாகவும் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருப்பதாகவும் பொருளாளர் பதிலளித்தார். குழு குறித்துக்கொண்டது."

ஒரு முடிவும் இல்லை, ஆனால் படிப்பவருக்கு விஷயம் முழுக்கக் கிடைத்துவிட்டது. ஜூன் மாத எண்ணைப் பக்கத்தில் வைத்ததால் நிலுவை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறது. கேட்ட கேள்வியைப் பதிவு செய்ததற்கும் காரணம் உண்டு. தகவல் கூட்டத்தில் பேச்சு முழுவதையும் எழுதக்கூடாது, ஆனால் சொன்ன தகவலைக் கூட்டவோ திருத்தவோ செய்த கேள்வியையும் பதிலையும் எழுதவேண்டும். "சூப்பரா பண்ணியிருக்கீங்க சார்" என்றதும், "போன கமிட்டி காலத்துல இதைவிட மோசம்" என்றதும் வேண்டாம். கேட்டவர் பெயர் பெரும்பாலும் தேவைப்படாது. பதில் சொன்னவர் பெயரோ பதவியோ கட்டாயம் வேண்டும், அந்தப் பதிலுக்கு அவர்தான் பொறுப்பு.

நிலுவை வைத்த வீடுகளின் எண் எங்கே போகவேண்டும்? இணைப்பில், அதுவும் குழுவின் கோப்பில் உள்ள பிரதியில் மட்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டும் மினிட்ஸில் வீட்டு எண் வந்தால் மறுநாள் லிப்டுக்குள் சண்டை. கம்பெனிச் சட்டமே ஒருவருக்கு அவதூறாகலாம் என்று தோன்றுவதையும், கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாததையும் மினிட்ஸிலிருந்து விட்டுவிடும் அதிகாரத்தைத் தலைவருக்குக் கொடுக்கிறது. சங்கமும் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இனி லிப்ட். இந்தக் கூட்டத்தின் உண்மையான விஷயம் இதுதான், மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் விஷயமும் இதுதான். ஏ.எம்.சி. எடுத்த நிறுவனத்தின் டெக்னீஷியன் செப்டம்பர் 12 அன்று வந்து பார்த்திருக்கிறார். இரண்டாவது லிப்டின் கம்பிவடங்களில் ஒன்றில் மெல்லிய இழைகள் சில அறுந்திருக்கின்றன. மூன்று மாதத்துக்குள் வடங்களை மாற்றப் பரிந்துரைக்கிறோம், விலைப்புள்ளி பிறகு அனுப்புகிறோம் என்று சர்வீஸ் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வடம்தான் கெட்டிருந்தாலும் வழக்கமாக எல்லா வடங்களையும் சேர்த்தே மாற்றுவார்கள், பழையதும் புதியதும் ஒரே மாதிரி பாரம் தாங்காது. ஆகவே செலவு சின்னதாக இருக்காது. விலைப்புள்ளி இன்னும் வராததால் முடிவு செய்ய ஒன்றுமில்லை என்று "தகவலுக்காக" அஜெண்டாவில் போட்டார் செயலாளர். அது சரிதான்.

வழக்கமான மினிட்ஸில் இது எப்படி வரும்? "லிப்ட் பராமரிப்பு குறித்துச் செயலாளர் விளக்கினார். நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது." செயலாளர் விளக்கியது உண்மை. இரண்டாவது வாக்கியம் நடந்ததற்கு நேர் எதிர். சில சமயம் இது கவனக்குறைவு, சில சமயம் வேண்டுமென்றே. "அதையெல்லாம் எழுதிவச்சா நாளைக்கு நமக்குத்தான் பிரச்சினை" என்று ஒரு உறுப்பினர் சொல்லாத சங்கம் குறைவு.

அந்தப் பயம் தலைகீழானது. வடத்தில் இழை அறுந்திருக்கும் விஷயம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது, லிப்ட் நிறுவனத்தின் கோப்பில். அந்தச் சர்வீஸ் தாளில் சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அன்று வாசலில் இருந்த செக்யூரிட்டியாக இருப்பார். நாளை லிப்ட் நடுவழியில் நின்றாலோ அதைவிட மோசமாக ஏதாவது நடந்தாலோ, செப்டம்பர் 12-ஆம் தேதியே சொல்லிவிட்டோம் என்று அந்தத் தாளை நிறுவனம் எடுத்து வைக்கும். குழுவின் பக்கம் என்ன இருக்கும்? செக்யூரிட்டி தாளைச் செயலாளரிடம் கொடுத்தது எப்போது, செயலாளர் குழுவிடம் சொன்னது எப்போது, குழு கேட்டது என்ன என்று காட்ட இந்த மினிட்ஸ் ஒன்றுதான். எழுதாமல் விட்டால் பொறுப்பு குறையாது. தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள் என்றுதான் அது படிக்கப்படும்.

நான் இப்படி எழுதுவேன்:

"லிப்ட் ஏ.எம்.சி. நிறுவனத்தின் செப்டம்பர் 12 தேதியிட்ட சர்வீஸ் அறிக்கையைச் செயலாளர் வாசித்தார் (இணைப்பு 2). இரண்டாவது லிப்டின் கம்பிவடம் ஒன்றில் இழைகள் அறுந்திருப்பதாகவும், வடங்களை மூன்று மாதத்துக்குள் மாற்றுமாறும் அறிக்கை கூறுகிறது. அதுவரை லிப்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்கப்பட்டது. பயன்படுத்தலாம் என்று டெக்னீஷியன் வாய்மொழியாகக் கூறியதாகவும், எழுத்தில் ஏதும் இல்லை என்றும் செயலாளர் தெரிவித்தார். அதை எழுத்தில் கேட்டுப் பெறுவதாகவும், விலைப்புள்ளியுடன் நவம்பர் 2 கூட்டத்தில் முடிவுக்கு வைப்பதாகவும் அவர் கூறினார். குழு குறித்துக்கொண்டது."

இதில் ஒரு வாக்கியத்தைக் கவனிக்கவேண்டும்: "எழுத்தில் ஏதும் இல்லை என்றும்". காகிதத்தில் உள்ளதையும் வாய்வார்த்தையாக வந்ததையும் மினிட்ஸ் கலந்துவிடக் கூடாது. கலந்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் லிப்ட் பாதுகாப்பானது என்று அறிக்கை சொல்கிறது என்றே எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவே இல்லை.

இன்னொன்று, "கேட்டுப் பெறுவதாகக் கூறினார்" என்பது. ஒருவர் தானாக ஏற்றுக்கொண்ட வேலைக்கு முன்மொழிவும் வேண்டாம், ஓட்டெடுப்பும் வேண்டாம். அதைத் தீர்மானமாக்கி எழுதவும் கூடாது, விடவும் கூடாது. யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் வந்துவிட்டால் போதும். தகவல் கூட்டத்தின் மினிட்ஸை வெறுமையிலிருந்து காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த மாதிரி வரிதான், அடுத்த கூட்டத்தின் அஜெண்டா இங்கிருந்துதான் பிறக்கிறது. நவம்பர் 2 அன்று இதே பொருள் "முடிவுக்காக" என்ற தலைப்பின் கீழ் நகரும்.

மூன்றாவது பொருள் செக்யூரிட்டி ஒப்பந்தம். இங்கேதான் மினிட்ஸ் எழுதுபவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவேண்டும். செயலாளர் கூட்டத்தில் சொன்னது இது: "ஏஜென்சி கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு, புதுப்பிச்சாச்சு, ஒரு ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு ஏத்தியிருக்காங்க, தகவலுக்குச் சொல்றேன்." எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு செக்யூரிட்டிகள், ஒருவருக்கு மாதம் ₹18,000 இருந்தது ₹19,500 ஆகியிருக்கிறது. மாதம் ₹6,000 கூடுதல், ஆண்டுக்கு ₹72,000. ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு ஆண்டுக்கு ₹9,36,000. இந்தச் சங்கத்தின் பைலாவில் செயலாளர் தன் பொறுப்பில் செலவிடக்கூடிய வரம்பு ₹25,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இது தகவலே இல்லை. குழு எடுத்திருக்கவேண்டிய முடிவை ஒருவர் எடுத்துவிட்டு, தகவல் என்ற பெயரில் கொண்டுவந்திருக்கிறார். கெட்ட எண்ணம் இருக்கவேண்டியதில்லை. ஒப்பந்தம் செப்டம்பர் 30-ஓடு முடிகிறது, கூட்டம் அக்டோபர் 5-ஆம் தேதி, வாசலில் ஆள் இல்லாமல் ஐந்து நாள் விடமுடியாது.

முடிவு எதுவும் இல்லாத கூட்டம் என்று சொல்லப்படுவதில் இப்படி ஒன்றாவது ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க நான் பார்ப்பது மூன்று விஷயம்: சங்கத்தின் பணம் புதிதாகப் போகிறதா, சங்கத்தின் பெயரில் யாராவது கையெழுத்திட்டிருக்கிறார்களா, குடியிருப்பவர்கள் நாளையிலிருந்து ஏதாவது மாற்றிச் செய்யவேண்டுமா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எங்கோ ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. யார் எடுத்தார் என்பதை மட்டும் தேடினால் போதும்.

தேடியபின் மினிட்ஸ் எழுதுபவர் என்ன செய்வது? கூட்டத்தில் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. ஆகவே "ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று எழுத அவருக்கு உரிமை கிடையாது. தலையாட்டியதெல்லாம் ஒப்புதல் ஆகாது. மறைத்து "ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது" என்று செயப்பாட்டுவினையில் நழுவவும் கூடாது, யார் புதுப்பித்தார் என்பதே அங்கே கேள்வி. நடந்ததை நடந்தபடி எழுதலாம்: "செக்யூரிட்டி ஏஜென்சியுடனான ஒப்பந்தத்தை அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்கு, ஒருவருக்கு மாதம் ₹19,500 வீதம் நான்கு பேருக்கு, செப்டம்பர் 26 அன்று தாம் கையெழுத்திட்டுப் புதுப்பித்ததாகச் செயலாளர் தெரிவித்தார். முந்தைய வீதம் ₹18,000. குழு குறித்துக்கொண்டது." வரைவைச் சுற்றுக்கு அனுப்பும்போது தலைவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும்: இது வரம்பைத் தாண்டியது, அடுத்த கூட்டத்தில் பின்னேற்புக்கு வைக்கவேண்டும் என்று. பின்னேற்பு வரும்போது அது அந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் தீர்மானமாக வரும். இந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் முன்தேதியிட்டு நுழைக்கக் கூடாது.

பெரும்பாலான சங்கங்களில் மினிட்ஸ் எழுதுபவரே செயலாளர். தான் செய்ததைத் தானே எழுதும்போது வாக்கியம் தானாக மெத்தென்று ஆகிவிடும். இந்த மாதிரிப் பொருளை மட்டும் இணைச் செயலாளரை எழுதச் சொல்லிவிடுவது நல்லது.

நான்கு பொருளும் முடிந்தன. மேலும் கீழும் என்ன வரவேண்டும் என்பதற்கு இந்தியக் கம்பெனி செயலாளர்கள் கழகத்தின் முதல் செயலகத் தரநிலை ஒரு நல்ல அளவுகோல். இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கானது அது, மினிட்ஸைப் படர்க்கையில், இறந்தகாலத்தில், எளிய மொழியில் எழுதச் சொல்கிறது. தலைப்பில் நாள், இடம், தொடங்கிய நேரம், தலைமை வகித்தவர், வந்தவர்கள், விடுப்புச் சொன்னவர்கள், கோரம் இருந்ததா என்பது. ஒன்பது பேரில் ஏழு பேர் வந்து, ஒருவர் லிப்ட் விஷயம் வருவதற்குள் கிளம்பிவிட்டார் என்றால் அதையும் எழுதவேண்டும். யாருக்கு எப்போது தெரிந்தது என்பதையே பதிவு செய்யும் கூட்டத்தில், யார் எந்தப் பொருளின்போது இருந்தார் என்பது அலங்காரம் இல்லை.

கடைசியில் வெளிப்படையாக ஒரு வரி: "முந்தைய கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்தது தவிர, இக்கூட்டத்தில் தீர்மானம் ஏதும் நிறைவேற்றப்படவில்லை. கூட்டம் 11.40 மணிக்கு முடிந்தது." முந்தைய மினிட்ஸை உறுதி செய்ததும் ஒரு முடிவுதான் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள், அதனால்தான் அந்தத் "தவிர". தீர்மானம் இல்லை என்று எழுதக் கூசவேண்டாம். அந்த வரி இல்லாவிட்டால், ஒரு வருடம் கழித்து "அன்னைக்கே லிப்டை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டோமே" என்று யாராவது சொல்லும்போது மறுக்க ஆதாரம் இருக்காது. கையெழுத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவே இடம் காலியாக இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்கிறது அதே தரநிலை. கையால் எழுதும் மினிட் புக்கில் இது இன்னும் முக்கியம். அரைப்பக்கக் காலியிடம் பிறகு ஒரு தீர்மானத்தைச் செருக வசதியாக இருக்கும்.

இப்படி எழுதினால் இணைப்புகள் நீங்கலாக ஒரு பக்கத்துக்குச் சற்று மேல் வரும். ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டினால் எங்கோ பேச்சு நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். அடித்துப் பார்க்கவேண்டிய முதல் வார்த்தைகள் "விரிவாக", "ஆழமாக", "சிறப்பாக". அவற்றை எடுத்தபின் வாக்கியம் நின்றால் அவை தேவைப்படவில்லை. "விவாதிக்கப்பட்டது" என்பது தனியாக நின்றால் அதையும் எடுத்துவிடலாம். என்ன விவாதிக்கப்பட்டது என்று சொல்லாதவரை அந்த வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை.

வரைவை ஒரு வாரத்துக்குள் குழுவின் வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவது நல்லது. இயக்குநர் குழு மினிட்ஸின் வரைவுக்குக் கம்பெனிகளுக்கு உள்ள கெடு 15 நாள், திருத்தம் சொல்ல ஏழு நாள். சங்கத்துக்கு இன்னும் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம், ஞாபகம் அதைவிட வேகமாக மறையும். தகவல் கூட்டத்துக்கு வரும் திருத்தங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நான் அப்படிச் சொல்லலை" என்று யாரும் சொல்லமாட்டார்கள், "நான் கேட்டதை விட்டுட்டீங்க" என்பார்கள். வரைவு நிலையில் என்றால், அந்தக் கேள்வி ஏதாவது புதுத் தகவலை வரவழைத்ததா என்று பார்த்து, வரவழைத்திருந்தால் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் தலைவரிடம் விட்டுவிடலாம்.

தலைவர் கையெழுத்துப் போட்டபின் வந்தால் கதை வேறு. உதாரணத்துக்கு, நவம்பர் 2 கூட்டத்தில் ஒருவர், அக்டோபரில் தாம் லிப்டை உடனே நிறுத்தவேண்டுமா என்று கேட்டதாகவும் அது மினிட்ஸில் இல்லை என்றும் சொல்கிறார். மற்றவர்களுக்கும் அது ஞாபகம் இருக்கிறது. அப்போது அக்டோபர் பக்கத்தைத் திறந்து ஓரத்தில் எழுதக்கூடாது, மையால் அடிக்கவும் கூடாது. நவம்பர் மினிட்ஸின் முதல் பொருளாக, "அக்டோபர் 5 கூட்ட நடவடிக்கை, பொருள் 2-இல், லிப்டை உடனே நிறுத்தவேண்டுமா என உறுப்பினர் ஒருவர் கேட்டார் என்பதும், நிறுவனத்தின் எழுத்துப் பதில் வந்தபின் பார்க்கலாம் எனச் செயலாளர் பதிலளித்தார் என்பதும் சேர்க்கப்பட்டு உறுதி செய்யப்பட்டது" என்று எழுதி, அக்டோபர் பக்கத்தின் இணைப்புக் கோப்பில் ஒரு குறிப்புச் சீட்டு மட்டும் வைத்துவிட்டால் போதும். அதன்பின் அன்றைய இரண்டாவது பொருளுக்குப் போகலாம். விலைப்புள்ளி வந்திருக்கும், இந்த முறை "முடிவுக்காக".